மூன்று எண்களின் மீ.பொ.வ., பல பின்னங்களின் மீ.சி.ம.: வரிசைப்படி செய்து முடிக்கும் முழு வழி

மூன்று எண்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, பின்னங்களின் மீச்சிறு பொது மடங்கைக் கண்டுபிடிப்பது வேறொரு வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இரண்டாவதைச் செய்யும்போது முதலாவது இரண்டு இடத்தில் தேவைப்படுகிறது: விடையின் பகுதியைக் கண்டுபிடிக்கும்போது ஒரு தடவை, விடை சரிதானா என்று சோதிக்கும்போது இன்னொரு தடவை. அந்தச் சோதனையைத் தெரிந்து வைத்திருப்பவர் சூத்திரத்தை அரைகுறையாக நினைவில் வைத்திருந்தாலும் தப்பான விடையோடு எழுந்து போகமாட்டார். அதனால் முதலில் மூன்று எண்கள், அப்புறம் பின்னங்கள்.

கீழே மீ.பொ.வ. என்றால் மீப்பெரு பொது வகுத்தி, மீ.சி.ம. என்றால் மீச்சிறு பொது மடங்கு. பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி.

## 1. தொடங்கும் முன் தேவைப்படுபவை

மீதியோடு வகுக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் கட்டாயம். 2310ஐ 84ஆல் வகுத்தால் ஈவு 27, மீதி 42 என்று தாளில் போட்டுச் சொல்ல முடிந்தால் போதும். கால்குலேட்டர் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது 27.5 என்று காட்டும், அந்த 0.5 மீதி இல்லை. 84 × 27 = 2268, 2310 − 2268 = 42, இதுதான் மீதி. தசமப் பகுதியை மீதி என்று எடுத்துக்கொண்டால் அடுத்த வரியிலேயே கணக்கு சிதைந்துவிடும்.

பகாக் காரணிகளாகப் பிரிக்கத் தெரிந்தால் நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். 12, 18, 21 மாதிரி சின்ன எண்களுக்கு அது வேகமான வழிதான். 1763, 2021 என்று இரண்டு எண்கள் வந்தால் எதை எதால் வகுப்பது என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள், ஏனென்றால் 1763 = 41 × 43, 2021 = 43 × 47; சின்ன பகா எண் எதுவும் உள்ளே போகாது. அடுத்து வரும் வகுத்தல் வழியில் இதே கணக்கு நாலு வரியில் முடிந்து 43 கிடைக்கிறது, காரணி எதையும் தேட வேண்டியதில்லை.

## 2. முதலில் இரண்டு எண்கள் மட்டும்

எடுத்துக்கொள்ளும் எண்கள் 1092, 1764, 2310. மூன்றையும் ஒரேயடியாகப் பார்க்காமல், சிறிய இரண்டை மட்டும் எடுங்கள். யூக்ளிட் வழிமுறைப்படி பெரியதைச் சிறியதால் வகுத்து, மீதியை எடுத்து, அடுத்த வரியில் பழைய வகுத்தியை அந்த மீதியால் வகுக்க வேண்டும். மீதி 0 வரும்வரை இதே வேலைதான்.

1764 = 1092 × 1 + 672
1092 = 672 × 1 + 420
672 = 420 × 1 + 252
420 = 252 × 1 + 168
252 = 168 × 1 + 84
168 = 84 × 2 + 0

மீதி 0 வந்த வரியில் எதால் வகுத்தோமோ அதுதான் மீ.பொ.வ., அதாவது 84. கடைசி வரியில் 2 என்று ஒரு ஈவும் நிற்கிறது இல்லையா, புதிதாகச் செய்பவர்கள் அதை விடையாக எழுதிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஈவுக்கு இந்தக் கணக்கில் வேலையே இல்லை, வகுத்தியும் மீதியும் மட்டும்தான் அடுத்த வரிக்குப் போகின்றன.

இது ஏன் சரியாக வருகிறது? ஒரு எண் 1764ஐயும் 1092ஐயும் மீதியில்லாமல் வகுக்கிறது என்றால், அவற்றின் வித்தியாசமான 672ஐயும் வகுத்தாக வேண்டும். திருப்பிப் பார்த்தால், 1092ஐயும் 672ஐயும் வகுக்கும் எண் அவற்றின் கூட்டலான 1764ஐயும் வகுக்கும். அப்படியானால் முதல் ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் பொது வகுத்திகள் அப்படியே ஒன்றுதான், எண்கள் மட்டும் சின்னதாகிக்கொண்டே போகின்றன. ஒவ்வொரு வரியும் கேள்வியை மாற்றாமல் அளவை மட்டும் குறைக்கிறது.

இதைக் கொஞ்சம் சுருக்கவும் செய்யலாம். 1764ஐ 1092ஆல் வகுக்கும்போது, 1092ஐ இரண்டு மடங்கு ஆக்கினால் 2184, அது 1764ஐவிட 420 மட்டும்தான் அதிகம். 672 மீதி என்பதைவிட 420 குறைவு என்பது சின்ன எண், எனவே 420ஐயே அடுத்த வரிக்கு எடுத்துப் போகலாம். அதே மாதிரி 420 × 3 = 1260, 1092ஐவிட 168 அதிகம். பிறகு 420 = 168 × 2 + 84, 168 = 84 × 2. ஆறு வரி நான்கு வரியாகிவிட்டது. குறையை எடுத்தாலும் மேலே சொன்ன காரணம் மாறாது, ஏனென்றால் கூட்டலுக்குச் சொன்னது கழித்தலுக்கும் பொருந்தும்.

## 3. மூன்றாவது எண்ணைச் சேர்ப்பது

இப்போது 84ஐயும் மீதமிருக்கும் 2310ஐயும் எடுத்து அதே வேலையைச் செய்யுங்கள்.

2310 = 84 × 27 + 42
84 = 42 × 2 + 0

விடை 42.

1092, 1764 இரண்டுக்கும் பொதுவான வகுத்திகள் எல்லாமே 84இன் வகுத்திகள்தான், ஒன்றுகூட விடுபடாது. அதனால் முதல் இரண்டு எண்களையும் மறந்துவிட்டு 84ஐ மட்டும் வைத்துக்கொண்டு மூன்றாவதைப் பார்த்தால் போதும். நாலாவது எண் இருந்தால் 42ஐயும் அதையும் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். எந்த ஜோடியில் தொடங்கினாலும் கடைசி விடை மாறாது. சிறிய இரண்டில் தொடங்கச் சொல்வது வகுத்தல் வேலையைக் குறைக்கத்தான். நடுவில் எங்கேயாவது 1 வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம், அதற்கப்புறம் எந்த எண்ணைச் சேர்த்தாலும் விடை 1தான்.

இந்த இடத்தில் ஒரு தவறு பலருக்கும் வருகிறது. மூன்று ஜோடிகளுக்கும் தனித்தனியாக மீ.பொ.வ. கண்டுபிடித்து, அதில் சிறியதை விடையாக எடுத்துக்கொள்வார்கள். நம் எண்களில் ஜோடி விடைகள் 84, 42, 42. சிறியது 42, சரியாக வந்துவிடுகிறது. இப்படி ஒன்றிரண்டு கணக்கில் சரியாக வந்துவிடுவதால்தான் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. 6, 10, 15 எடுத்துப் பாருங்கள். 6க்கும் 10க்கும் 2, 10க்கும் 15க்கும் 5, 6க்கும் 15க்கும் 3. சிறியது 2, ஆனால் 15ஐ 2 வகுக்காது. உண்மையான விடை 1. ஜோடி ஜோடியாகப் பொதுவாக இருப்பது மூன்றுக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இதே 6, 10, 15 இன்னொரு பழக்கத்தையும் மாட்டிவிடும். இரண்டு எண்களுக்கு, பெருக்கற்பலனை மீ.பொ.வ.ஆல் வகுத்தால் மீ.சி.ம. வரும் என்பது உண்மை. மூன்று எண்களுக்கு அப்படியே போட்டால் 6 × 10 × 15 = 900, அதை 1ஆல் வகுத்தாலும் 900. ஆனால் இவற்றின் மீ.சி.ம. 30. மூன்று எண்களுக்கு அந்த உறவு பொதுவாகப் பொருந்தாது, எனவே மீ.சி.ம.வையும் இரண்டு இரண்டாகத்தான் போட வேண்டும்; அதைப் பின்னங்களில் செய்யப் போகிறோம்.

## 4. மூன்றையும் சேர்த்தே குறைப்பது

தாளில் செய்பவர்களுக்கு எனக்குப் பிடித்த வழி இதுதான். மூன்றில் சிறியதை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் அதால் வகுத்து மீதிகளை மட்டும் எழுதுங்கள். பிறகு புது வரிசையில் சிறியதைப் பிடித்து மறுபடியும் அதே வேலை.

1092, 1764, 2310
1092, 672, 126 (1092ஆல் வகுத்த மீதிகள்)
84, 42, 126 (126ஆல் வகுத்த மீதிகள்)
0, 42, 0 (42ஆல் வகுத்த மீதிகள்)

0 ஆகாமல் நிற்கும் ஒரே எண் விடை. மூன்றாவது எண் முதல் வரியிலேயே சேர்ந்துகொள்வதால் எண்கள் மிக வேகமாகக் குறைகின்றன, தனித்தனியாகப் போட்ட எட்டு வகுத்தல் ஆறாகிவிட்டது. வரிசையில் ஒரு எண் 0 ஆகிவிட்டால் அதை விட்டுவிட்டு மற்றவற்றோடு தொடரலாம். கவனமாக இருக்க வேண்டியது ஒன்றில்தான்: வகுக்கும் எண்ணையும் புது வரியில் மறக்காமல் எழுத வேண்டும். இரண்டாம் வரியில் 1092ஐ விட்டுவிட்டு 672, 126 மட்டும் எழுதினால் அது வேறு கணக்கு ஆகிவிடும். இங்கே தற்செயலாக 42 வந்தாலும் அதை நம்பக்கூடாது.

## 5. மீ.பொ.வ.வைச் சோதிப்பது

கிடைத்த 42ஆல் மூன்றையும் வகுத்துப் பாருங்கள்: 26, 42, 55. முதலில், மூன்றுமே முழு எண்ணாக வர வேண்டும். அடுத்து, இந்த மூன்றுக்கும் சேர்த்து 1ஐத் தவிர வேறு பொது வகுத்தி இருக்கக்கூடாது. இருந்தால் நீங்கள் கண்டுபிடித்தது பொது வகுத்திதான், ஆனால் மீப்பெரு இல்லை.

26, 42 இரண்டும் இரட்டை எண்கள் என்பதைப் பார்த்து, இன்னொரு 2 விட்டுப்போச்சு என்று 42ஐ 84 ஆக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். 55 ஒற்றை எண். மூன்றையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். அதில் இரண்டுக்கு மட்டும் ஏதோ பொதுவாக இருப்பது மீ.பொ.வ.வுக்குச் சம்பந்தமில்லை.

## 6. பின்னங்களின் மீ.சி.ம. என்றால் என்ன கேட்கிறார்கள்

சில பின்னங்கள் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பின்னத்தாலும் வகுத்தால் முழு எண் வர வேண்டும், அப்படிப்பட்ட மிகச் சிறிய மிகை எண் எது? இதுதான் கேள்வி. விடை முழு எண்ணாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அது பின்னமாகவும் இருக்கலாம். வகுத்து வரும் ஈவுகள்தான் முழு எண்களாக இருக்க வேண்டும்.

இதையும் பின்னங்களைக் கூட்டும்போது தேடும் பொதுப் பகுதியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கூட்டலுக்கு வேண்டியது பகுதிகளின் மீ.சி.ம., அதில் தொகுதிகளுக்குப் பங்கே இல்லை. இங்கே தொகுதி, பகுதி இரண்டும் வேலைக்கு வருகின்றன, அதுவும் வேறு வேறு விதமாக.

நாம் செய்யப்போகும் கணக்கு: 15/36, 10/21, ஒன்றும் 7/18ம் சேர்ந்த கலப்பு பின்னம். மூன்றின் மீ.சி.ம. என்ன?

## 7. எல்லாவற்றுக்கும் முன்னால் சுருக்குங்கள்

கலப்பு பின்னத்தை முதலில் தகா பின்னமாக மாற்ற வேண்டும்: 1 × 18 + 7 = 25, ஆக 25/18. முழு எண் ஏதாவது பட்டியலில் இருந்தால் அதைப் பகுதி 1 உள்ள பின்னமாக எழுதிக்கொள்ளுங்கள், தசமம் இருந்தால் பின்னமாக்குங்கள்.

அப்புறம் ஒவ்வொன்றையும் எளிய வடிவத்துக்குக் கொண்டு வர வேண்டும். 15/36இல் 15க்கும் 36க்கும் 3 பொது, எனவே 5/12. 10/21இல் பொதுவாக எதுவும் இல்லை. 25/18இலும் இல்லை. இப்போது நம் பின்னங்கள் 5/12, 10/21, 25/18.

இதைத் தாண்டிப் போகக்கூடாது. அடுத்து வரும் விதி எளிய வடிவத்தில் இருக்கும் பின்னங்களுக்கு மட்டும்தான் உண்மை. மாணவர்கள் இந்தக் கணக்கில் இழக்கும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி இந்தப் படியில்தான் போகிறது, ஏனென்றால் சுருக்காமல் விட்டாலும் ஒரு விடை வரும், அது பார்க்க ஒழுங்காகவே இருக்கும்.

## 8. தொகுதிகளுக்கு மீ.சி.ம.

தொகுதிகள் 5, 10, 25. இரண்டு இரண்டாகப் போடுங்கள். 5க்கும் 10க்கும் 10. பிறகு 10க்கும் 25க்கும்: இவற்றின் மீ.பொ.வ. 5, ஆக 10 ÷ 5 = 2, 2 × 25 = 50. பெருக்கிவிட்டு வகுப்பதைவிட முதலில் வகுத்துவிட்டுப் பெருக்கினால் எண்கள் சின்னதாகவே இருக்கும்.

மேலே வரும் எண் 50.

## 9. பகுதிகளுக்கு மீ.பொ.வ.

பகுதிகள் 12, 21, 18. 12ஐப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை வகுத்தால் மீதிகள் 9, 6. அதாவது 12, 9, 6. இப்போது 6ஆல் வகுத்தால் 0, 3, 6. அடுத்து 3 எல்லாவற்றையும் வகுக்கிறது. மீ.பொ.வ. 3.

பள்ளியில் சொல்லித்தரும் மாதிரி, மூன்று எண்களையும் ஒரே வரியில் எழுதி இடது பக்கம் வகுத்தியைப் போட்டுக் கீழே இறங்குபவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. 3ஆல் வகுத்தால் 4, 7, 6. மூன்றையும் வகுக்கும் எண் இனி இல்லை, எனவே மீ.பொ.வ. தேடுபவர் இங்கே நிறுத்தியாக வேண்டும். மீ.சி.ம. தேடுபவர்தான் 4ஐயும் 6ஐயும் இன்னும் 2ஆல் வகுத்து, 7ஐ அப்படியே இறக்கி, 2, 7, 3 என்று போய் 3 × 2 × 2 × 7 × 3 = 252 என்று எழுதுவார். இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கட்டம் என்பதால் கை தானாகவே இன்னொரு படி இறங்கிவிடும், மீ.பொ.வ.வை 6 என்று எழுதிவிடுவீர்கள். 21ஐ 6ஆல் வகுத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

## 10. சேர்த்து எழுதுவதும் அதற்கான காரணமும்

மேலே 50, கீழே 3. விடை 50/3.

மேலே மீ.சி.ம., கீழே மீ.பொ.வ. என்று ஏன் மாறி வருகிறது என்பது புரிந்துவிட்டால் எது மேலே எது கீழே என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. விடை எளிய வடிவத்தில் x/y என்று வைத்துக்கொள்வோம். அதை 5/12ஆல் வகுத்தால் 12x/5y. இது முழு எண்ணாக வர வேண்டும். கீழே இருக்கும் 5 அடிபட வேண்டும். 12இல் 5 இல்லை, ஏனென்றால் பின்னத்தை ஏற்கெனவே சுருக்கிவிட்டோம், எனவே xதான் 5இன் மடங்காக இருக்க வேண்டும். கீழே இருக்கும் yயும் அடிபட வேண்டும். xக்கும் yக்கும் பொதுவாக எதுவும் கிடையாது, எனவே y 12ஐ வகுக்க வேண்டும். மற்ற பின்னங்களுக்கும் இதே பேச்சுதான். ஆக, x எல்லாத் தொகுதிகளின் பொது மடங்கு, y எல்லாப் பகுதிகளின் பொது வகுத்தி. பின்னம் மிகச் சிறியதாக வேண்டும் என்றால் மேலே இருப்பது முடிந்தவரை சிறியதாகவும் கீழே இருப்பது முடிந்தவரை பெரியதாகவும் இருக்க வேண்டும். மேலே மீச்சிறு மடங்கு, கீழே மீப்பெரு வகுத்தி.

தலைகீழாக, தொகுதிகளின் மீ.பொ.வ.வை மேலேயும் பகுதிகளின் மீ.சி.ம.வைக் கீழேயும் போட்டால் 5/252 வரும். அது தப்பான எண் இல்லை, இதே பின்னங்களின் மீ.பொ.வ. அதுதான். கேட்டது வேறு, அவ்வளவுதான். மடங்கைக் கேட்டால் விடை கொடுத்த பின்னங்கள் எதைவிடவும் சிறியதாக இருக்கவே முடியாது, இந்த ஒன்றைப் பார்த்தாலே தலைகீழாகப் போட்டது தெரிந்துவிடும்.

## 11. சோதனை

விடையை ஒவ்வொரு பின்னத்தாலும் வகுங்கள்.

50/3 ÷ 5/12 = 40
50/3 ÷ 10/21 = 35
50/3 ÷ 25/18 = 12

மூன்றும் முழு எண்கள், எனவே இது பொது மடங்கு. மீச்சிறு மடங்குதானா என்று பார்க்க 40, 35, 12 மூன்றின் மீ.பொ.வ.வைக் கண்டுபிடியுங்கள். 1 வந்தால் விடை சரி. 40க்கும் 35க்கும் 5, 5க்கும் 12க்கும் 1. முடிந்தது.

1ஐவிடப் பெரிய எண் d வந்தால், உங்கள் விடையை அந்த dஆல் வகுத்தாலும் எல்லா ஈவுகளும் முழு எண்களாகவே இருக்கும். அதாவது இன்னும் சிறிய பொது மடங்கு இருக்கிறது, விடையை dஆல் வகுத்தால் அதுவே மீ.சி.ம. தப்பைக் காட்டிக்கொடுப்பதோடு திருத்தியும் கொடுக்கும் சோதனை இது, அதனால்தான் இதை விடாமல் செய்யச் சொல்கிறேன்.

## 12. சுருக்க மறந்தால் என்ன நடக்கிறது

அதே கணக்கை 15/36ஐச் சுருக்காமல் போட்டுப் பார்ப்போம். தொகுதிகள் 15, 10, 25, மீ.சி.ம. 150. பகுதிகள் 36, 21, 18, மீ.பொ.வ. 3. விடை 150/3, அதாவது 50.

முழு எண்ணாக வந்துவிட்டதே என்று நிம்மதியாக எழுதிவிடத் தோன்றும். சோதனை போடுங்கள்: 50 ÷ 15/36 = 120, 50 ÷ 10/21 = 105, 50 ÷ 25/18 = 36. எல்லாம் முழு எண்கள்தான். ஆனால் 120, 105, 36 மூன்றுக்கும் 3 பொது. 50ஐ 3ஆல் வகுத்தால் 50/3, சரியான விடைக்கே வந்து சேர்ந்துவிட்டோம்.

இதற்கு முன்னாலேயே ஒரு அறிகுறி இருந்தது. 150/3 சுருங்குகிறது. எல்லாப் பின்னங்களையும் ஒழுங்காகச் சுருக்கியிருந்தால் கடைசி விடை சுருங்கவே முடியாது: கீழே இருக்கும் எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் அது எல்லாப் பகுதிகளிலும் இருக்கும், எனவே எந்தத் தொகுதியிலும் இருக்காது, அப்புறம் தொகுதிகளின் மீ.சி.ம.வில் மட்டும் எப்படி வரும்? ஆகவே கடைசி வரியில் சுருக்க வேண்டி வந்தால், விடையைச் சுருக்கிவிட்டுப் போகாமல் மேலே திரும்பிப் போய்ச் சுருக்காத பின்னம் எது என்று தேடுங்கள்.

இந்த அறிகுறி எல்லா நேரமும் வராது என்பதையும் சொல்ல வேண்டும். 2/4, 1/3 எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்காமல் போட்டால் 2/1, இதில் சுருக்க ஒன்றும் இல்லை, ஆனால் உண்மையான விடை 1. ஈவுகள் 4, 6 என்று வருவதைப் பார்த்தால்தான் தப்பு பிடிபடும். எனவே அறிகுறியை மட்டும் நம்பாமல் 11ஆம் படியைச் செய்துவிடுங்கள்.

## 13. விதி மறந்துபோனால் ஒரு மாற்று வழி

எல்லாப் பின்னங்களையும் ஒரே பகுதிக்கு மாற்றிவிட்டால் கேள்வி முழு எண்களுக்கான கேள்வியாகிவிடும். 12, 21, 18இன் மீ.சி.ம. 252. பின்னங்கள் 105/252, 120/252, 350/252. இப்போது 105, 120, 350இன் மீ.சி.ம. மட்டும் போதும்: 4200. விடை 4200/252, சுருக்கினால் 50/3.

இதில் முன்கூட்டியே சுருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, 15/36ஐ அப்படியே வைத்தாலும் அது 105/252 ஆகத்தான் மாறும். கடைசி வரியில் சுருக்குவதும் இந்த வழியில் இயல்பான வேலைதான், தப்பின் அறிகுறி இல்லை. எண்கள் பெரிதாகிவிடுவதுதான் இதன் குறை. ஆனால் எது மேலே எது கீழே என்ற சந்தேகத்துக்கே இடமில்லாததால், தேர்வில் தடுமாறினால் இந்த வழிக்கு மாறுவது நல்லது.

## 14. வாக்கியமாகக் கேட்டால்

மூன்று விளக்குகள் முறையே 5/12, 10/21, 25/18 நிமிடத்துக்கு ஒரு தடவை மின்னுகின்றன, இப்போது மூன்றும் ஒன்றாக மின்னின, மறுபடி எப்போது ஒன்றாக மின்னும்? 50/3 நிமிடம், அதாவது 16 நிமிடம் 40 விநாடி கழித்து. அதற்குள் முதல் விளக்கு 40 முறை, இரண்டாவது 35 முறை, மூன்றாவது 12 முறை மின்னியிருக்கும். சோதனையில் வந்த அதே எண்கள். "இப்போது மூன்றும் ஒன்றாக" என்ற நிபந்தனை இல்லாவிட்டால் இந்த விடை செல்லாது.

கேள்வியில் கொடுத்திருப்பது கால இடைவெளியா, வேகமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். "நிமிடத்துக்கு 12/5 முறை, 21/10 முறை, 18/25 முறை மின்னுகிறது" என்றால் அது வேகம். அதையே நேராக விதியில் போட்டால் 252/5, அதாவது 50.4 என்று ஒரு எண் வரும், இந்தக் கேள்விக்கு அது எந்த அர்த்தமும் இல்லாத எண். ஒவ்வொன்றையும் முதலில் தலைகீழாக்கி, ஒரு மின்னலுக்கு எவ்வளவு நேரம் என்று மாற்றிய பிறகுதான் மீ.சி.ம. எடுக்க வேண்டும்.

## 15. கணினியில் ஒப்பிட்டுப் பார்க்க

பைத்தான் 3.9 முதல் `math.gcd` எத்தனை எண்களை வேண்டுமானாலும் ஏற்றுக்கொள்கிறது, `math.lcm` அந்தப் பதிப்பில்தான் வந்தது.

```python
from math import gcd, lcm
from fractions import Fraction

f = [Fraction(15, 36), Fraction(10, 21), Fraction(25, 18)]
n = lcm(*[x.numerator for x in f])
d = gcd(*[x.denominator for x in f])
print(Fraction(n, d))  # 50/3
```

`Fraction` தானே சுருக்கிக்கொள்ளும், எனவே 15/36ஐ அப்படியே கொடுத்தாலும் சரியாக வரும். தசமம் கொடுக்கும்போது மட்டும் மேற்கோள் குறிக்குள் `Fraction('0.1')` என்று கொடுங்கள். `Fraction(0.1)` என்று போட்டால் 1/10 வராது, கணினி உள்ளே இரும முறையில் வைத்திருக்கும் தோராய மதிப்பு பதினாறு, பதினேழு இலக்கத் தொகுதியும் பகுதியுமாக வந்து நிற்கும், மீ.சி.ம.வும் அதோடு சேர்ந்து கெட்டுப்போகும்.